மேற்குச் சுவரும் தொடர் மின்தடைகளும்: பட்டர்வொர்த் வீட்டில் ஒரு செய்முறைப் பதிவு

எங்கள் வீடு செபராங் பிறையில், பட்டர்வொர்த் நகரை ஒட்டிய ஒரு தாமானில், வரிசையின் கடைசியில் நிற்கும் மாடி வீடு. கடைசி வீடு என்பதால் பக்கச் சுவர் முழுவதும் மேற்கே திறந்து கிடக்கிறது. மேல்மாடியில் அம்மா படுக்கும் அறையின் சுவரும் அதுதான். மலேசிய நேரம் பினாங்கின் உண்மையான சூரிய நேரத்தைவிட ஏறத்தாழ ஒரு மணி இருபது நிமிடம் முந்தி ஓடுவதால், இங்கே உச்சிவெயில் கடிகாரத்தில் ஒன்றேகால் மணி அளவில்தான் வரும். மேற்குச் சுவரில் வெயில் விழத் தொடங்குவதற்கே இரண்டு மணி ஆகிவிடும். பிறகு ஏழு மணி வரையில் அது விலகாது. அம்மாவின் குறை வெயில் நேரத்தைப் பற்றியது அன்று. “பொழுது போனதுக்கு அப்புறம்தான்டா சுவர் சுடுது” என்றார். இரவு ஒன்பது மணிக்கு உள்சுவரில் கை வைத்துப் பார்த்தபோது அவர் சொன்னது உண்மை என்று தெரிந்தது.

நான் மின்னணுப் பழுதுபார்ப்பு வேலை செய்பவன். சுவரை அடுக்கடுக்கான மின்தடைகளாகப் பார்ப்பது எனக்கு இயல்பாக வந்தது. வெப்பநிலை வேறுபாடு மின்னழுத்தத்துக்கு ஒப்பானது; வெப்ப ஓட்டம் மின்னோட்டத்துக்கு ஒப்பானது; அடுக்கின் தடிப்பை அந்தப் பொருளின் வெப்பக் கடத்துத்திறனால் வகுத்தால் கிடைப்பது ஒரு சதுர மீட்டருக்கான வெப்பத்தடை, அதாவது R = L/k. இந்த ஒப்புமையை மின்சாரத்திலிருந்து வெப்பத்துக்கு வந்த கடன் என்று நான் பல காலம் எண்ணியிருந்தேன். உண்மையில் அது எதிர்த்திசையில் நடந்தது. ஃபூரியே 1822-ல் வெப்பக் கடத்தலை எழுதி வைத்தார். ஓம் அதைப் பின்பற்றித்தான் 1827-ல் மின்னோட்டத்தைப் பற்றித் தம் விதியை வகுத்தார்.

முதலில் காகிதத்தில் கணக்குப் போட்டேன். குளிர்சாதனக் குழாய்க்காக முன்பு போட்ட துளையைத் திறந்து அளந்ததில், நடுவே 110 மில்லிமீட்டர் செங்கல், இரு பக்கமும் 20 மில்லிமீட்டர் சிமெண்ட் பூச்சு இருந்தன. செங்கலுக்கு 0.8, பூச்சுக்கு 0.53 என்ற வழக்கமான கடத்துத்திறன் மதிப்புகளை எடுத்துக்கொண்டால், செங்கலின் தடை 0.138, ஒவ்வொரு பூச்சுக்கும் 0.038. மூன்றையும் கூட்டினால் 0.214 m²K/W. இத்துடன் சுவரின் இரு முகங்களிலும் ஒட்டியிருக்கும் காற்றுப்படலத்தையும் சேர்க்க வேண்டும், உள்முகத்துக்கு 0.13, வெளிமுகத்துக்கு 0.04 என்பது நடைமுறை மதிப்பு. மொத்தம் 0.384. இதில் உள்முகக் காற்றுப்படலம் மட்டும், நான்கரை அங்குலச் செங்கலுக்கு ஏறத்தாழச் சமமான தடையைத் தருகிறது என்பதைக் கவனித்தபோது, நம் வீட்டுச் சுவர் வெப்பத்துக்கு எவ்வளவு மெல்லியது என்பது எனக்கு உறைத்தது.

அடுத்த நாள் மாலை ஐந்து மணிக்கு அகச்சிவப்பு வெப்பமானியுடன் சுவரை அளந்தேன். வெளிமுகம் 46 டிகிரி, உள்முகம் 31.5 டிகிரி, அறைக்காற்று 27 டிகிரி. தொடர் இணைப்பில் எந்த இடத்தில் அளந்தாலும் ஓட்டம் ஒன்றாகவே இருக்க வேண்டும். அதன்படி சுவருக்குள் ஓடும் வெப்பத்தைக் கணக்கிட்டேன்: 14.5 டிகிரியை 0.214-ஆல் வகுத்தால் ஒரு சதுர மீட்டருக்கு 68 வாட். உள்முகத்திலிருந்து அறைக்குப் போகும் வெப்பம் 4.5 டிகிரியை 0.13-ஆல் வகுத்து வருவது 35 வாட். ஒரே சுற்றில் இரண்டு மின்னோட்டம். இரவு பத்து மணிக்கு மறுபடியும் அளந்தபோது நிலைமை இன்னும் மோசமானது: வெளிமுகம் 31 டிகிரி, உள்முகம் 33.8 டிகிரி. சூத்திரத்தின்படி சுவரின் வெப்பம் வெளியே ஓட வேண்டும். ஆனால் உள்முகம் அறைக்கு ஐம்பது வாட்டுக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தது.

காரணம் வெப்பமானியில் இல்லை. நான் சுற்றுப்படத்தில் மின்தேக்கியை விட்டுவிட்டேன். செங்கலும் பூச்சும் சேர்ந்து ஒவ்வொரு சதுர மீட்டரிலும், ஒரு டிகிரி சூடேறுவதற்கு ஏறக்குறைய 200 கிலோஜூல் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்கின்றன. மாலை ஐந்து மணிக்கு உள்ளே நுழைந்த 68 வாட்டில் பாதி செங்கலைச் சூடாக்கப் போய்விட்டது. அந்தச் சேமிப்பைத்தான் இரவில் சுவர் இரு பக்கமும் திருப்பிக் கொடுத்தது. அம்மாவின் ஒன்பது மணிப் புகாருக்கும் இதுவே விளக்கம்: வெளிமுகத்தின் உச்சம் ஐந்து மணிக்கு முன்பாகவும் உள்முகத்தின் உச்சம் எட்டரை மணி அளவிலும் வந்தது. ஆகவே ஒரு நேரத்தில் எடுத்த வெப்பநிலைகளைத் தொடர் தடைச் சூத்திரத்தில் போட்டு விடை எடுப்பது வெயில் படும் சுவருக்குச் செல்லாது. ஒரு முழு நாளின் சராசரியை எடுத்தால், பகலில் ஏறிய வெப்பம் இரவில் இறங்கி, மின்தேக்கியின் கணக்கு ஏறத்தாழச் சுழியாகிவிடும். மழை நாளும் வெயில் நாளும் கலந்து வருவதால், மூன்று நாள் தொடர்ச்சியாகப் பதிவெடுத்துச் சராசரி பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

இங்கே இன்னொரு சிக்கல் எழுந்தது. சுவரின் உண்மையான தடையை அளக்க, அதன் வழியே ஓடும் வெப்பத்தை அளக்க வேண்டும். அதற்கான வெப்ப ஓட்ட உணரி விலை மிகுந்தது. மின்சாரத்தில் அம்மீட்டர் இல்லாவிட்டால் என்ன செய்வோம்? மதிப்புத் தெரிந்த ஒரு மின்தடையைத் தொடரில் போட்டு, அதன் குறுக்கே விழும் மின்னழுத்தத்தை அளப்போம். அதையே இங்கும் செய்தேன். 25 மில்லிமீட்டர் தடிப்புள்ள பாலிஸ்டைரீன் நுரைப்பலகையின் கடத்துத்திறன் 0.036 என்று அதன் விவரத்தாளில் இருந்தது. அப்படியானால் அதன் தடை 0.69. அந்தப் பலகையை உள்சுவரில் ஒட்டினால், சுவரும் பலகையும் தொடரில் அமைகின்றன. மொத்த வெப்பநிலை வேறுபாடு இரண்டின் தடைகளுக்கு நேர்விகிதத்தில் பங்கிடப்படும். வெளிமுக வெப்பநிலை T1, சுவரும் பலகையும் சேரும் இடத்தின் வெப்பநிலை T2, பலகையின் அறைமுக வெப்பநிலை T3 என்று கொண்டால்:

```
R_wall = 0.69 * (T1 - T2) / (T2 - T3)
```

உணரிகளாக DS18B20 சில்லுகள் மூன்றையும், பதிவு செய்ய ஒரு ESP32 நுண்கட்டுப்படுத்திப் பலகையையும் பயன்படுத்தினேன். இந்தச் சில்லின் துல்லியம் அரை டிகிரி வரை பிசகலாம் என்று அதன் விவரத்தாளே சொல்கிறது. நான் அளக்கப் போகும் வேறுபாடோ இரண்டு டிகிரி. ஆகவே மூன்றையும் நூலில் கட்டி, நீர் புகாதபடி மெல்லிய உறையிட்டு, சுடுநீர்க் குடுவைக்குள் அறை வெப்பத்தில் இருந்த நீரில் ஒரு மணி நேரம் தொங்கவிட்டேன். ஒன்றுக்கொன்று 0.4 டிகிரி வரை வேறுபாடு இருந்தது. அந்த வேறுபாட்டைக் குறித்துவைத்து, பிறகு வந்த ஒவ்வொரு பதிவிலும் கழித்தேன். உண்மையான வெப்பநிலை இதனால் சரியாகிவிடவில்லை. ஆனால் எனக்குத் தேவை வேறுபாடு மட்டுமே, அது பத்தில் ஒரு பங்கு டிகிரி அளவுக்கு நம்பத்தக்கதாகிவிட்டது.

வெளிமுக உணரியை ஒட்டுவதில்தான் பொறுமை தேவைப்பட்டது. முதலில் கறுப்பு நாடாவால் சுவரின் மேல் ஒட்டிவைத்தேன். மதியத்தில் அது 53 டிகிரி காட்டியது. அது சுவரின் வெப்பம் அன்று, நாடாவின் வெப்பம். பிறகு பூச்சில் ஐந்து மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சின்னப் பள்ளம் செதுக்கி, சில்லை அதற்குள் படுக்கவைத்து, மெல்லிய சிமெண்ட் குழம்பால் மூடி, காய்ந்ததும் சுவரில் இருக்கும் அதே வண்ணத்தைப் பூசினேன். ஏணியின் உச்சியில் நின்று அந்த விரல் நகத்தளவு இடத்துக்கு வண்ணம் தேடியது வேலையிலேயே நீண்ட பகுதி. மறுநாள் வெப்பநிலை பக்கத்துச் சுவரில் அகச்சிவப்பு வெப்பமானி காட்டியதோடு ஒத்துப்போனது.

அறையின் ஏர்கோனை 24 டிகிரியில் வைத்து மூன்று நாள் நிறுத்தாமல் ஓடவிட்டேன். முதல் முறை, கையில் இருந்த முப்பது சென்டிமீட்டர் சதுரத் துண்டை ஒட்டி அளந்ததில் சராசரி இப்படி வந்தது: வெளிமுகம் 33.4, சேருமிடம் 30.5, அறைமுகம் 25.7. சுவரின் பங்கு 2.9 டிகிரி, பலகையின் பங்கு 4.8 டிகிரி. சூத்திரப்படி சுவரின் தடை 0.42 என்றாயிற்று, காகிதக் கணக்கைப் போல இரு மடங்கு. செங்கல் திடீரென்று நல்ல காப்புப் பொருளாகிவிட்டதென்று மகிழ்வதற்கு இடமில்லை. எங்கேயோ ஓட்டம் கசிகிறது என்று தோன்றியது.

கசிந்த வழி பக்கவாட்டில் இருந்தது. நுரைப்பலகையின் பின்னால் உள்ள செங்கல், வெப்பம் வெளியேற வழியில்லாமல் சூடாகிறது. அதைச் சுற்றியுள்ள வெற்றுச் சுவரோ அறைக்கு வெப்பத்தைக் கொடுத்துக் குளிர்ந்திருக்கிறது. எனவே பலகையின் பின்னாலுள்ள வெப்பம் செங்கல் வழியே பக்கவாட்டில் ஓடி, பலகையைச் சுற்றிக்கொண்டு வெளியேறுகிறது. சேருமிடத்தின் வெப்பநிலை இதனால் தாழ்ந்து, சுவரின் தடை பெரிதாகத் தோன்றுகிறது. இத்தகைய சுவரில் இந்தப் பக்கவாட்டுத் தாக்கம் ஏறத்தாழப் பத்து சென்டிமீட்டருக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்காகக் குறையும் என்று கணக்கிட்டுப் பார்த்தேன். முப்பது சென்டிமீட்டர் துண்டின் நடுப்புள்ளி ஓரத்திலிருந்து பதினைந்து சென்டிமீட்டர் தொலைவுதான், அது போதாது. இரண்டு முழுப் பலகைகளைப் பக்கம் பக்கமாக வைத்து 120 சென்டிமீட்டர் சதுரமாக்கி, இணைப்பையும் ஓரங்களையும் நாடாவால் மூடி, உணரியை ஒரு பலகையின் நடுவுக்கு அருகே வைத்து மறுபடியும் மூன்று நாள் ஓட்டினேன். வெளிமுகம் 33.1, சேருமிடம் 31.2, அறைமுகம் 25.5. சுவரின் பங்கு 1.9, பலகையின் பங்கு 5.7, சுவரின் தடை 0.23. காகிதத்தில் வந்த 0.214-க்கும் இதற்கும் உள்ள இடைவெளி, உணரியின் பிழைக்கும் செங்கலின் கடத்துத்திறனைப் பற்றிய என் ஊகத்துக்கும் உட்பட்டதுதான். இதற்கு மேல் தோண்ட அவசியமில்லை என்று விட்டுவிட்டேன்.

இனி எதைச் சேர்ப்பது என்பது எளிய கணக்கு. வெளிமுகத்திலிருந்து அறைக்காற்று வரை வெற்றுச் சுவருக்கு 0.23 கூட்டல் 0.13, ஆக 0.36. சராசரி வேறுபாடு 8.7 டிகிரி என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 24 வாட். எங்கள் சுவர் 10.4 சதுர மீட்டர், ஆகவே இரவும் பகலும் சேர்த்த சராசரியாக 250 வாட். உட்பக்கம் 50 மில்லிமீட்டர் ராக்வூல் என்னும் பாறையிழைக் காப்பும் 12 மில்லிமீட்டர் ஜிப்சம் பலகையும் போட்டால், ராக்வூலுக்கு 1.3, ஜிப்சத்துக்கு 0.07 கூடி மொத்தம் 1.73 ஆகும், ஓட்டம் ஐந்து வாட்டுக்கு இறங்கும். வெளிப்பக்கம் காப்பிட்டால் செங்கலே சூடாகாது, அது இன்னும் நல்லது. ஆனால் மாடிச் சுவருக்குச் சாரம் கட்ட வேண்டும், மழைக்குத் தாங்கும் மேற்பூச்சு வேண்டும் என்பதால் உட்பக்கத்தையே தேர்ந்தெடுத்தேன். வெளிச்சுவரை வெளிர் வண்ணத்துக்கு மாற்றுவது தடையைத் துளியும் கூட்டாது, ஆனால் சுற்றுக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தையே குறைக்கும். அடுத்த முறை வண்ணம் பூசும்போது அதையும் செய்வேன்.

கூரைப்பலகை வேலை செய்யும் ஒரு தம்பியை வரவழைத்தேன். அவர் வழக்கப்படி அரை மில்லிமீட்டர் தகட்டில் செய்த சி வடிவ இரும்புச் சட்டங்களை அறுபது சென்டிமீட்டருக்கு ஒன்றாக, செங்கல்சுவரோடு ஒட்டி நிறுத்தினார். இடைவெளிகளில் ராக்வூலை அடைத்து, மேலே ஜிப்சம் பலகையைத் திருகி, மேலே முதல் கைப்பூச்சும் அடித்துவிட்டுப் போனார். அன்றிரவு எட்டரை மணிக்கு வெப்பமானியைச் சுவர் நெடுகிலும் ஓட்டிப் பார்த்தேன். சட்டங்களுக்கு நடுவில் பலகை குளிர்ச்சியாக இருந்தது. சட்டம் இருக்கும் இடங்களில் மட்டும் மேலிருந்து கீழ் வரை ஒரு கையகலக் கோடாக இரண்டு டிகிரி கூடுதல். வண்ணத்துக்குப் பின்னால் சட்டம் எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு வெப்பமானியாலேயே குறித்துவிடலாம் போல இருந்தது.

நான் அடுக்குகளைத் தொடரில் மட்டும் கூட்டியிருந்தேன். ராக்வூல் அடுக்குக்குள்ளோ இரும்பு பக்க இணைப்பாக ஓடுகிறது. அதன் அகலம் மிகச் சிறியது என்பதால் பொருட்படுத்தவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் பிழையின் அளவு தெரிந்தது. அறுபது சென்டிமீட்டர் சுவரில் தகட்டின் தடிப்பு அரை மில்லிமீட்டர், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் இரும்பின் கடத்துத்திறன் 50, ராக்வூலின் கடத்துத்திறன் 0.038, ஆயிரத்து முந்நூறு மடங்குக்கு மேல். ஆகவே ஒரு தகடு, தன்னைச் சுற்றியுள்ள அறுபது சென்டிமீட்டர் ராக்வூல் முழுவதும் கடத்தும் வெப்பத்தைவிடச் சற்று அதிகமாகவே கடத்துகிறது. சட்டத்தின் ஒரு மீட்டர் நீளத்துக்குத் தகட்டின் தடை 2.0 கெல்வின்/வாட், அதைச் சதுர மீட்டர் கணக்குக்கு மாற்றினால் கடத்தல் 0.83. ராக்வூலின் கடத்தல் 0.76. பக்க இணைப்பில் கடத்தல்கள்தான் கூடும், கூட்டுத்தொகை 1.59, அதன் தலைகீழ் 0.63. காசு கொடுத்து வாங்கிய 1.3 தடை பாதியாகப் போயிற்று. ஓட்டம் ஐந்திலிருந்து எட்டு வாட்டுக்கு ஏறியது.

இந்த எட்டு வாட் ஒரு மேல் எல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ராக்வூல் அடுக்கின் இரு முகங்களிலும் வெப்பநிலை எங்கும் ஒரே அளவு என்று வைத்துக்கொண்ட கணக்கு இது. உண்மையில் தகட்டை நோக்கி வெப்பம் செங்கலிலும் மெல்லிய ஜிப்சத்திலும் பக்கவாட்டில் குவிந்து வர வேண்டியிருப்பதால், அங்கே கூடுதல் தடை உண்டு. அந்தக் குவிதல்தான் வெப்பமானியில் கோடாகத் தெரிந்தது. உண்மையான இழப்பு ஐந்துக்கும் எட்டுக்கும் இடையில் எங்கோ இருக்கும். கோடு எவ்வளவு கூர்மையாகத் தெரிகிறதோ அவ்வளவு சட்டம் கடத்துகிறது என்று கொள்வது, வீட்டில் செய்யக்கூடிய நல்ல சோதனை.

தம்பியிடம் பலகையைக் கழற்றச் சொன்னபோது அவர் முகம் சுருங்கியது. “அண்ணே, பத்து வருசமா இப்படித்தான் அடிக்கிறோம், யாரும் கேட்டதில்லையே” என்றார். சட்டத்தை முழுவதும் மாற்றத் தேவையில்லை, சுவரிலிருந்து பத்து மில்லிமீட்டர் தள்ளி நிறுத்தி, சட்டத்துக்கும் செங்கலுக்கும் இடையில் அடர்த்தியான பாலிஸ்டைரீன் நுரைக்கீற்றைச் செருகினால் போதும் என்று விளக்கினேன். கீற்றின் அகலம் சட்டத்தின் விளிம்பளவு, நாற்பது மில்லிமீட்டர், கடத்துத்திறன் 0.03. ஒரு மீட்டர் நீளத்துக்கு அதன் தடை 8.3. இது தகட்டின் 2.0-உடன் தொடரில் சேர்ந்து 10.3 ஆகிறது. அதாவது, இரும்பின் வழி ஐந்தில் ஒரு பங்காகக் குறுகிவிட்டது. கடத்தல் 0.83-லிருந்து 0.16-க்கு இறங்க, ராக்வூலோடு சேர்த்து அடுக்கின் தடை 1.08-க்கு மீண்டது, ஓட்டம் 5.8 வாட். விரலகலக் கீற்றுதான், ஆனால் அது தடை தேவைப்பட்ட பாதையின் குறுக்கே நிற்கிறது. ராக்வூலை இன்னும் பத்து மில்லிமீட்டர் தடிப்பாக்கியிருந்தால் இதில் மூன்றில் ஒரு பங்குகூடக் கிடைத்திருக்காது, ஏனெனில் தகடு பக்கத்தில் திறந்தே கிடக்கும்.

பலகையை மறுபடி மூடுமுன் தம்பி பிளாஸ்டிக் தாள் சுருளை எடுத்து வந்தார். ராக்வூலுக்கும் ஜிப்சத்துக்கும் நடுவில் அதை விரித்தால் ஈரம் வராது என்பது அவர் கேள்விப்பட்டது. குளிர் நாட்டு வழக்கம் அது. அங்கே ஈரம் சூடான அறையிலிருந்து வெளியே போகும். பினாங்கில் அது எதிர்த்திசையில் வருகிறது: வெளிக்காற்றின் பனிநிலை, அதாவது அதன் ஈரம் நீராகத் திரளத் தொடங்கும் வெப்பநிலை, பெரும்பாலும் 24, 25 டிகிரி அளவில் இருக்கும், அறையோ அதற்கு ஏறத்தாழச் சமமாகவோ அதைவிடக் குளிர்ச்சியாகவோ இருக்கும். அடுக்குகளின் தடை தெரிந்திருந்ததால், ஜிப்சத்தின் பின்முகம் எவ்வளவு குளிரும் என்பதை உடனே கணக்கிட முடிந்தது. வெளிமுகத்திலிருந்து அறைவரை மொத்தத் தடை 1.51, அதில் ஜிப்சமும் காற்றுப்படலமும் சேர்ந்து 0.20. அதாவது, பின்முகம் அறைக்காற்றைவிட மொத்த வேறுபாட்டில் ஏழில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகவே சூடாக இருக்கும்.

விடியற்காலை ஐந்து மணிக்கு வெளிமுகம் 26.5 டிகிரி என்று என் பதிவில் இருந்தது. ஏர்கோன் அறையை 24.4 டிகிரியில் வைத்திருந்தால் பின்முகம் 24.7 டிகிரி; பனிநிலையின் விளிம்பில் நிற்கிறது. யாராவது ஏர்கோனை 20-க்குத் தள்ளினால் பின்முகம் 21-க்கும் கீழே போய்விடும். செங்கல் வழியாக வரும் ஈரம் அங்கே தாளில் மோதினால் நீராகத் திரண்டு, வெளியேற வழியின்றி ராக்வூலை நனைக்கும். தாள் இல்லாவிட்டால் ஜிப்சம் வழியாக ஈரம் அறைக்குள் கசிந்து, ஏர்கோன் அதை இழுத்து வெளியேற்றிவிடும். ஆகவே தாளை விலக்கச் சொன்னேன். அறைமுகத்தில் நீராவி ஊடுருவும் சாதாரண நீர்வண்ணம் மட்டுமே பூசினோம். வினைல் சுவர்த்தாள் ஒட்டலாம் என்று அம்மா ஆசைப்பட்டார். அதுவும் இதே பிளாஸ்டிக் தாள்தான் என்பதால் வேண்டாமென்றேன். இரவில் ஏர்கோன் 26 டிகிரியில் ஓடுகிறது. முன்பு சுவரின் சூட்டை ஈடுகட்டவே 22-ல் வைத்திருந்தோம்.

வேலை முடிந்த வாரத்தில், வெயில் நன்றாக அடித்த ஒரு நாளில், மறுபடியும் இரவு எட்டரை மணிக்கு அளந்தேன். சட்டங்களுக்கு நடுவில் பலகையின் முகம் 27.1 டிகிரி, சட்டத்தின் மேல் 27.4 டிகிரி, இரண்டு டிகிரிக் கோடு 0.3-ஆகச் சுருங்கியிருந்தது. அதே நேரத்தில் காப்பில்லாத பக்கத்து அறையின் மேற்குச் சுவர் 34 டிகிரியைக் காட்டியது.

ஓரிடம் மட்டும் சரியாகவில்லை. சட்டம் வளையாமல் இருக்க, நடு உயரத்தில் ஒவ்வொன்றையும் செங்கலோடு பிணைக்கும் சிறு இரும்புப் பிடி ஒன்று உண்டு. பிடிக்குப் பின்னாலும் நுரைத்துண்டு வைத்தோம். ஆனால் அதைச் செங்கலில் இறுக்கும் திருகு நுரையைத் துளைத்துக்கொண்டு போகிறது. வெப்பமானியில் அந்த இடங்கள், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில், வரிசையாக நாணய அளவுப் புள்ளிகளாகத் தெரிகின்றன. சுற்றியுள்ள பலகையைவிட ஒரு டிகிரி கூடுதல். திருகின் குறுக்குவெட்டைக் கணக்கிட்டால் ஐந்து பிடிகளும் சேர்ந்து கடத்துவது முழுச் சுவரின் 60 வாட்டில் இரண்டு மூன்று வாட்டுக்கு மேல் இராது. பலகையை இன்னொரு முறை கழற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.